நாரையும் சிகரெட்டும்: இரண்டு சிதறல் படங்கள்

புள்ளியியல் வகுப்பில் ஒட்டுறவுப் பாடம் வரும்போதெல்லாம் நான் கொடுக்கும் பயிற்சித்தாளில் ஓர் அட்டவணை உண்டு. பதினேழு ஐரோப்பிய நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்கும் நான்கு எண்கள்: நிலப்பரப்பு, அங்கே கூடு கட்டும் செங்கால் நாரைச் சோடிகளின் எண்ணிக்கை, மக்கள்தொகை, ஓராண்டில் பிறக்கும் குழந்தைகள். ஆஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் மாத்யூஸ் 2000-ஆம் ஆண்டில் ஆசிரியர்களுக்கான புள்ளியியல் இதழ் ஒன்றில் வெளியிட்ட அட்டவணை அது. குழந்தையைத் துணியில் பொதிந்து அலகில் தூக்கிவந்து வீட்டில் சேர்ப்பது நாரைதான் என்று ஐரோப்பாவில் ஒரு பழங்கதை இருக்கிறது. அந்தக் கதையை எண்களால் சோதித்தால் என்ன கிடைக்கும் என்று மாத்யூஸ் கணக்கிட்டுப் பார்த்தார். ஒட்டுறவுக் கெழு 0.62 வந்தது.

மாணவர்கள் இந்த எண்ணை அடையச் சிரமப்படுவதில்லை. கணினியில் `=CORREL(C2:C18,E2:E18)` என்று தட்டினால் நொடியில் வந்துவிடும். அதன்கீழ் அவர்கள் எழுதும் விடையும் எனக்கு மனப்பாடம்: “மிதமான நேர் ஒட்டுறவு உள்ளது. ஆனால் ஒட்டுறவு என்பது காரண காரியத் தொடர்பு ஆகாது.” முழு மதிப்பெண் தர வேண்டிய விடைதான். பல ஆண்டுகள் நானும் தந்தேன். அந்த இரண்டாவது வாக்கியம் எந்தக் கணக்குக்கும் எழுதக்கூடிய வாக்கியம், அட்டவணையைப் பார்க்காமலேயே எழுதக்கூடிய வாக்கியம் என்பது பிறகுதான் உறைத்தது. நாரைக்கு அதை எழுதும் மாணவர் சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் அதையே எழுதுவார். அப்போது அது தவறான விடையாகிவிடும். அதனால் பயிற்சித்தாளை மாற்றினேன். r எவ்வளவு என்று கேட்பதற்கு முன் படத்தை வரையச் சொன்னேன்.

கிடை அச்சில் நாரைச் சோடிகள், நிலை அச்சில் ஆயிரக்கணக்கில் பிறப்புகள். ஒரு நாட்டுக்கு ஒரு புள்ளி. பதினேழு புள்ளிகளையும் வைத்து முடித்ததும் தாளில் தெரிவது ஒரு மேகமோ சாய்ந்த பட்டையோ அல்ல. இடது ஓரத்தில் பெரும்பாலான நாடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. வலப்பக்கம் வெகுதூரத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் தனியாக நிற்கின்றன. ஒன்று போலந்து: 30,000 சோடி நாரைகள், 6,10,000 பிறப்புகள். இன்னொன்று துருக்கி: 25,000 சோடிகள், 15,76,000 பிறப்புகள். இவற்றுக்கு அடுத்ததாக வரும் ஸ்பெயினில் 8,000 சோடிகள்தான். பெல்ஜியத்தில் ஒரே ஒரு சோடி.

இப்போது சூத்திரத்தைப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம்.

```
r = Σ(x − x̄)(y − ȳ) / √[ Σ(x − x̄)² · Σ(y − ȳ)² ]
```

இதன் தொகுதி சொல்வது எளிமையானது. ஒவ்வொரு புள்ளியும் இரண்டு சராசரிகளிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்த்து, அந்த இரு விலகல்களையும் பெருக்கிக் கூட்டு என்கிறது. இந்த அட்டவணையில் நாரைகளின் சராசரி 5,059 சோடி, பிறப்புகளின் சராசரி 3,71,000. இந்த இரண்டு இடங்களிலும் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் இழுத்தால் படம் நான்கு கால்பகுதிகளாகப் பிரியும். மேல் வலது பகுதியிலும் கீழ் இடது பகுதியிலும் உள்ள புள்ளிகள் தொகையைக் கூட்டும். மற்ற இரண்டு பகுதிகளில் உள்ளவை குறைக்கும். நாரைப் படத்தில் மேல் வலதில் மூன்றே நாடுகள்: துருக்கி, போலந்து, ஸ்பெயின். கீழ் இடதில் பதினொன்று. மேல் இடதில் பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி. கீழ் வலதில் எதுவும் இல்லை.

இதோடு நிறுத்தினால் பதினான்கு நாடுகள் ஒரு பக்கம், மூன்று நாடுகள் மறுபக்கம் என்று தெரியும், தொடர்பு உறுதியாகத் தோன்றும். ஆனால் சூத்திரம் வாக்குகளை எண்ணவில்லை, பெருக்குத்தொகைகளைக் கூட்டுகிறது. துருக்கியை எடுத்துக்கொள்வோம். நாரை விலகல் 19,941. பிறப்பு விலகல், ஆயிரங்களில், 1,205. பெருக்கினால் 2.40 கோடி. போலந்துக்கு இதேபோல் 60 லட்சம். பிரான்ஸ் 20 லட்சத்தைக் கழிக்கிறது. பதினேழு நாடுகளையும் கூட்டினால் மொத்தம் 3.59 கோடி. பகுதியில் வரும் எண் 5.80 கோடி. வகுத்தால் 0.62. ஆக, மொத்தத் தொகுதியில் மூன்றில் இரண்டு பங்கு துருக்கி என்ற ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. போலந்தையும் சேர்த்தால் ஆறில் ஐந்து பங்கு. மீதி பதினைந்து நாடுகளும் தமக்குள் கூட்டியும் கழித்தும் கொடுப்பது மிச்சமிருக்கும் ஒரு பங்கு மட்டுமே.

பயிற்சித்தாளின் அடுத்த வரி: துருக்கியை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடு. r = 0.34. போலந்தையும் நீக்கு. r = 0.16. இந்த இடத்தில் வகுப்பில் பேச்சு நின்றுவிடும். சற்று முன் 'மிதமான நேர் ஒட்டுறவு' என்று எழுதியவர்கள் அதையே அழித்து 'ஏறத்தாழ ஒட்டுறவு இல்லை' என்று எழுத வேண்டியிருக்கிறது. எண்கள் மாறவில்லை, இரண்டு வரிசைகளை மட்டும் நீக்கியிருக்கிறோம்.

இதற்கு அர்த்தம் துருக்கியும் போலந்தும் பிழை என்பதல்ல. அவை உண்மையான நாடுகள், அவற்றின் எண்களும் அட்டவணைக்கு உரியவையே. பிடிக்காத புள்ளியை நீக்குவது ஆய்வில் பெரிய குற்றம். நான் நீக்கச் சொல்வது ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான்: இந்த 0.62 யாருடைய தோளில் நிற்கிறது? பதினேழு நாடுகள் சேர்ந்து சொல்லும் செய்தியா, இரண்டு நாடுகள் சொல்லும் செய்தியா? சிதறல் படத்தை வரைந்தவருக்கு இந்தக் கேள்வி தானாக எழும். CORREL மட்டும் தட்டியவருக்கு எழ வழியில்லை.

மாத்யூஸ் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இன்னொரு எண்ணையும் வைத்தார்: p = 0.008. நாரைக்கும் குழந்தைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதிருந்தால், பதினேழு புள்ளிகளில் தற்செயலாகவே இவ்வளவு பெரிய r வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 125-இல் ஒன்று என்பது அதன் பொருள். இதைத் தலைகீழாகப் படித்து, தொடர்பு இருப்பது 99.2 சதவீதம் உறுதி என்று எழுதும் மாணவர்கள் உண்டு. மாணவர்கள் மட்டுமல்ல, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர்களிலும் உண்டு. p எண்ணை வருவிக்கும் கணக்கு, புள்ளிகள் இரு அச்சிலும் மணிவடிவப் பரவலோடு ஒத்துப்போகும் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு ஓரத்தில் நெரிசலும் மறு ஓரத்தில் இரண்டு ஒற்றைப் புள்ளிகளும் உள்ள நம் படம் அந்த எதிர்பார்ப்புக்கு அருகில்கூட இல்லை. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறினாலும், p விடை தருவது தற்செயலா என்ற கேள்விக்கு மட்டும்தான். தற்செயல் இல்லையென்றால் என்ன காரணம் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் நுழைவதே இல்லை.

அந்தக் கேள்விக்குப் பாடநூல்கள் தரும் விடை 'மூன்றாவது மாறி'. இரண்டையும் பின்னாலிருந்து இயக்கும் வேறொன்று. அது எது என்று கேட்டால் வகுப்பில் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: “மக்கள்தொகைதான் சார். பெரிய நாட்டில் எல்லாமே அதிகம்.” கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. நானும் நீண்ட நாள் அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் அட்டவணையில் மக்கள்தொகை ஒரு பத்தியாக இருக்கிறது. சோதிக்காமல் ஏன் விட வேண்டும்?

மூன்றாவது மாறியின் பங்கை விலக்கிவிட்டு மீதித் தொடர்பைப் பார்க்க ஒரு கணக்கு உண்டு. பகுதி ஒட்டுறவு என்பார்கள். அதன் உள்ளர்த்தம் இப்படி: மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு நாட்டில் எத்தனை நாரை எதிர்பார்க்கலாம், எத்தனை பிறப்பு எதிர்பார்க்கலாம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எதிர்பார்த்ததைவிட நாரை அதிகமாக உள்ள நாடுகளில், எதிர்பார்த்ததைவிடப் பிறப்பும் அதிகமாக உள்ளதா என்று பிறகு பார்க்க வேண்டும். நாரைக்கும் மக்கள்தொகைக்கும் ஒட்டுறவு 0.35. பிறப்புக்கும் மக்கள்தொகைக்கும் 0.85. இவற்றைச் சூத்திரத்தில் போட்டால்:

```
(0.62 − 0.35 × 0.85) / √[(1 − 0.35²)(1 − 0.85²)] ≈ 0.65
```

மக்கள்தொகையின் பங்கை விலக்கியபின் ஒட்டுறவு குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது. அதாவது எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இந்த அட்டவணையில் வேலை செய்யவில்லை. ஏன் என்று பார்க்க மூன்று நாடுகள் போதும். பிரான்ஸ், இத்தாலி, துருக்கி மூன்றிலும் இந்த அட்டவணையின்படி மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றே, 5.6 கோடியும் 5.7 கோடியும். பிரான்ஸில் 140 நாரைச் சோடிகள், 7,74,000 பிறப்புகள். இத்தாலியில் 5 சோடிகள், 5,51,000 பிறப்புகள். துருக்கியில் 25,000 சோடிகள், 15,76,000 பிறப்புகள். மக்கள்தொகை சமமாக இருக்கும்போதே நாரை மிகுந்த நாட்டில் பிறப்பும் மிகுந்திருக்கிறது. மக்கள்தொகை இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

மாத்யூஸ் சுட்டிக்காட்டிய மாறி நிலப்பரப்பு. பரந்த நாட்டில் நாரை கூடு கட்ட இடமும் அதிகம், மனிதர்கள் வாழ இடமும் அதிகம். நிலப்பரப்புக்கும் பிறப்புக்கும் ஒட்டுறவு 0.92, நாரையோடு 0.58. மேலே செய்த அதே கணக்கைச் செய்தால் 0.27 கிடைக்கிறது. பதினேழு நாடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு சிறிய எண்ணைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாது. நாரைக் கதை இங்கே முடிந்தது என்று சொல்லத் தோன்றும். பல பயிற்சித்தாள்கள் இங்கேதான் முடிகின்றன.

எனக்கு நிறைவு வரவில்லை. நிலப்பரப்பு குழந்தை பெறுவதில்லை. அது வேறு எதற்கோ பதிலாக நிற்கும் அளவு. மக்கள்தொகையை விலக்கியும் 0.65 நின்றது ஏன் என்ற கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்று வகுத்துப் பார்த்தால் துருக்கி 28, போலந்தும் ருமேனியாவும் 16, இத்தாலி 10-க்குச் சற்றுக் குறைவு. நாரை அதிகமுள்ள நாடுகள் சில இந்த வரிசையில் மேலே இருக்கின்றன. செங்கால் நாரை ஈரப் புல்வெளிகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தவளை, பூச்சி, எலி பிடித்து வாழும் பறவை. சதுப்பை வடித்து, பெரும் பண்ணைகளாக்கி, பூச்சிக்கொல்லி தெளித்த நாடுகளில் அது குறைந்துபோயிற்று. சுவிட்சர்லாந்தில் 1950 வாக்கில் முற்றிலும் அற்றுப்போய், மறுபடி கொண்டுவந்து வளர்க்க வேண்டியிருந்தது. சிறு விவசாயம் நீடித்த நாடுகளில் நாரை தங்கியது. அதே நாடுகளில் அந்தக் காலத்தில் குடும்பங்களும் சற்றுப் பெரியவையாக இருந்தன. கிராமப்புறம் என்ற ஒன்று இரண்டுக்கும் பின்னால் இருப்பதாக நான் ஊகிக்கிறேன். இது ஊகம்தான். அட்டவணையில் அந்தப் பத்தி இல்லை. விவசாயத்தில் உழைப்போர் பங்கு என்று ஒரு பத்தி சேர்த்துக் கணக்கிட்டால்தான் ஊகம் நிற்குமா விழுமா என்று தெரியும். அல்பேனியா என் ஊகத்துக்குச் சங்கடம் கொடுக்கும் நாடு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ஆயிரத்துக்கு 26 பிறப்பு, நாரையோ 100 சோடிதான்.

விலக்கிப் பார்ப்பதற்குப் பதிலாக நேரடியாக வகுத்துவிடலாமே என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு எத்தனை நாரை, எத்தனை பிறப்பு? செய்து பார்த்தால் r = −0.25 வருகிறது. குறியே மாறிவிட்டது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் மக்கள் நெருக்கம் மிகுந்த, நாரை அருகிய நாடுகள். இப்போது அவை படத்தின் மேல் இடது மூலையில் ஏறிக்கொண்டு கோட்டைக் கீழ்நோக்கி இழுக்கின்றன. இந்த வகுத்தல் முறையில் ஒரு பழைய ஆபத்தும் இருக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு அளவுகளை மூன்றாவது ஒன்றால் வகுத்தால், அந்தப் பொது வகு எண்ணின் விளைவாகவே அவற்றிடையே ஒட்டுறவு தோன்றிவிடும் என்று கார்ல் பியர்சன் 1897-லேயே காட்டினார். ஒட்டுறவுக் கெழு யாருடைய பெயரால் அழைக்கப்படுகிறதோ அவரே அதன் பொய்த்தோற்றத்தைப் பற்றியும் எழுதிவைத்தார்.

ஒரே பதினேழு நாடுகள். 0.62, 0.34, 0.16, 0.65, 0.27, −0.25. ஒவ்வொன்றும் சரியாகக் கணக்கிடப்பட்ட எண். இவற்றில் எது 'உண்மையான' ஒட்டுறவு என்று கேட்பதில் பயனில்லை. கேள்வியை எப்படி அமைத்தோமோ அதற்கேற்ற விடையை அட்டவணை தருகிறது. காரணம் என்ற ஒன்று உண்மையில் இருந்தால், கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டாலும் அது இப்படி உருமாறிக்கொண்டே இருக்காது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதைப் புரிந்துகொள்ளத் தாளின் பின்பக்கத்தில் இரண்டாவது படம் ஒன்றை வைத்திருக்கிறேன்.

அது 1955-இல் ரிச்சர்ட் டால் வெளியிட்ட படம். பதினொரு நாடுகள். கிடை அச்சில் 1930-இல் ஒரு நபருக்கு எத்தனை சிகரெட் விற்றது என்ற அளவு. நிலை அச்சில் இருபது ஆண்டுகள் கழித்து, 1950-இல், பத்து லட்சம் ஆண்களுக்கு எத்தனை பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள் என்ற அளவு. r = 0.73. நாரைக் கணக்கின் 0.62-க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. புள்ளிகள் இன்னும் குறைவு. இங்கும் ஒரு நாடு தனியே நிற்கிறது. அமெரிக்கா 1,300 சிகரெட்டோடு வலக்கோடியில் இருந்தாலும், இறப்பில் பாதி உயரம்கூட ஏறவில்லை. அதை நீக்கினால் r 0.94 ஆகிறது. அங்கே துருக்கியை நீக்கினால் எண் சரிந்தது, இங்கே அமெரிக்காவை நீக்கினால் எண் ஏறுகிறது. இரண்டு இடத்திலும் ஒற்றைப் புள்ளிக்கு இவ்வளவு அதிகாரம் என்பது ஒன்றுதான்.

முன்பக்கத்தில் நாரைக்கு எழுதிய விடையை இங்கும் எழுதலாமா என்று கேட்பேன். பெரும்பாலோர் தயங்குவார்கள். அமெரிக்காவில் ஒருவர் தயங்காமல் எழுதினார். டாரல் ஹஃப் என்ற பத்திரிகையாளர் 1954-இல் புள்ளிவிவரங்களைக் கொண்டு மக்களை எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று விளக்கும் சிறு நூல் ஒன்றை எழுதினார். உலகெங்கும் ஏராளமாக விற்பனையான புள்ளியியல் நூல் அது. 1965-இல் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றி விசாரித்த அமெரிக்க செனட் குழுவின் முன் அவர் சாட்சி சொல்ல வந்தார். ஒட்டுறவை நம்பக் கூடாது என்பதற்கு அவர் எடுத்துக்காட்டியது நாரையும் குழந்தையும்தான். புகைபிடித்தலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பும் அதே தரத்தைச் சேர்ந்ததா என்று கேட்டபோது, தமக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன என்றார். புகையிலை நிறுவனங்களின் பணம் அவருக்குச் சென்றது பின்னாளில் அந்த நிறுவனங்களின் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. மாணவர்களுக்கு நான் முழு மதிப்பெண் தந்துவந்த அந்த ஒற்றை வாக்கியம், உயிர் காக்கும் ஓர் எச்சரிக்கைக்கு எதிராக நாடாளுமன்றத்தில் பயன்பட்டிருக்கிறது. அதனால்தான் அந்த வாக்கியத்தை இப்போது விடையின் முடிவாக ஏற்பதில்லை.

இரண்டு படங்களும் ஒன்றல்ல என்று எப்படிச் சொல்வது? படத்தை உற்றுப் பார்த்துச் சொல்ல முடியாது. டாலின் படம் தனியாக நின்றால் அதுவும் பலவீனமான சான்றுதான். அது நாடுகளின் சராசரிகளைப் பேசுகிறது, புகைத்த மனிதர்தான் இறந்தார் என்று சொல்லவில்லை. சராசரிகளின் ஒட்டுறவு தனி மனிதர்களிடம் வரும்போது எதிர்க்குறியோடுகூட வரலாம். 1950-இல் வில்லியம் ராபின்சன் அமெரிக்க மாநிலங்களை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு, r = −0.53. தனி ஆட்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம், r = 0.12. புலம்பெயர்ந்தவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்க் குடியேறியதுதான் காரணம்.

சிகரெட்டின் நிலை வேறு ஆனதற்குக் காரணம், கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டபோதும் அதே விடை வந்ததுதான். நாடுகளை விட்டு மனிதர்களுக்கு வந்தார்கள். டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் வந்த 649 ஆண்களையும், வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 649 ஆண்களையும் விசாரித்து 1950-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் கூட்டத்தில் புகைக்காதவர்கள் 2 பேர், இரண்டாம் கூட்டத்தில் 27 பேர். நோய் வந்தபின் கேட்பதால் நினைவு பிசகியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. எனவே 1951-இல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, புகைக்கும் பழக்கத்தை முதலில் பதிந்துகொண்டு, பிறகு யார் எதனால் இறக்கிறார்கள் என்று காத்திருந்தார்கள். சுமார் 40,000 மருத்துவர்கள் பதில் எழுதினார்கள். அதிகம் புகைத்தவர்கள் அதிகம் இறந்தார்கள், புகையை விட்டவர்களின் அபாயம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது. நாரைக்கு இதற்கு இணையான சோதனை எதையும் யாராலும் சொல்ல முடியாது. நாரை குறைந்த ஊரில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று கேட்கத் தொடங்கினாலே அந்தக் கதை கலைந்துவிடுகிறது.

மூன்றாவது மாறி என்ற ஆட்சேபம் இங்கும் வந்தது. அதுவும் சாதாரண ஆளிடமிருந்து அல்ல, இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரிடமிருந்து. புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே மரபணு தரலாம் என்றார் அவர். புகையிலை உற்பத்தியாளர் குழு ஒன்றின் ஆலோசகராகவும் இருந்தார். ஆனாலும் வாதம் வாதம்தான், அதற்கு விடை வேண்டும். 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் அந்த விடையைத் தந்தார்கள். புகைப்பவருக்குப் புற்றுநோய் ஒன்பது மடங்கு அதிகம் என்றால், புகைக்கு எந்தப் பங்கும் இல்லாமல் ஒரு மரபணு மட்டுமே அதை உண்டாக்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த மரபணு புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகமாக இருந்தே ஆக வேண்டும். அப்படி எதுவும் எவரிடமும் காட்டப்படவில்லை. 'வேறு காரணம் இருக்கலாம்' என்ற காற்றுவாக்கான சொல்லுக்கு ஓர் அளவை வைத்ததுதான் கார்ன்ஃபீல்டு செய்தது. நாரை அட்டவணையில் நிலப்பரப்பு என்ற காரணம் கையிலேயே இருந்தது, பிறப்போடு அதன் ஒட்டுறவு 0.92. சிகரெட்டுக்கு அப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்டால் வருவதற்கு எதுவும் இல்லை.

இப்போது பயிற்சித்தாளின் கடைசிக் கேள்வியில் r பற்றி எதுவும் இல்லை. இந்த இரண்டு படங்களில் எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடு. நீ சந்தேகிக்கும் மூன்றாவது காரணத்தின் பெயரைச் சொல். அது உண்மையானால் எந்தப் புள்ளி எங்கே நகர வேண்டும் என்று சொல். அதைப் பார்க்க அட்டவணையில் எந்தப் பத்தி வேண்டும் என்று எழுது. சென்ற முறை ஒரு மாணவி நாரையைத் தேர்ந்தெடுத்து, எனக்குப் புதிய பத்தி வேண்டாம், புதிய வரிசைகள் வேண்டும் என்று எழுதியிருந்தார். நாடுகளுக்குப் பதிலாகப் போலந்தின் மாவட்டங்களை மட்டும் எடுத்தால், ஒரே நாட்டுச் சட்டம், ஒரே பொருளாதாரத்துக்குள் நாரையும் பிறப்பும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பார்க்கலாம் என்பது அவர் எண்ணம்.

இரண்டாவது படத்தைப் பற்றி இன்னொரு தகவலை வகுப்பு முடியும்போது சொல்வேன். ஆய்வைத் தொடங்கும்போது டால் சந்தேகப்பட்டது சிகரெட்டை அல்ல, சாலைகளில் புதிதாகப் பூசப்பட்டுவந்த தாரையும் வாகனப் புகையையும்தான். அவரே புகைப்பவராகவும் இருந்தார். மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே எழுதிவந்த விசாரணைப் படிவங்கள் சேரச் சேர, ஆய்வு முடிவதற்கு முன்னாலேயே அவர் புகைப்பதை நிறுத்திவிட்டார். பதினொரு நாடுகளின் சிதறல் படத்தை அவர் வரைந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.